சார்ஜ் ஏறும் போனுக்குப் படுக்கையில் இடமில்லை
(கொழிஞ்சாம்பாறை மகளிர் விடுதியில் இரவு உணவுக்குப் பின் விடுதிக் காப்பாளர் ஆற்றிய உரை)

அன்புள்ள மாணவியரே, கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

தூங்கும்போது போனும் லேப்டாப்பும் எங்கே கிடந்து சார்ஜ் ஏற வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசப் போகிறேன். இரவுச் சுற்று வரும்போது பல கட்டில்களில் தலையணைக்கு அடியிலிருந்து ஓர் ஒயர் கிளம்பிச் சுவர்ப்பக்கம் போவதைப் பார்க்கிறேன். சில கட்டில்களில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸே கொசுவலைக்குள் மெத்தைமேல் கிடக்கிறது. மூடி வைத்த லேப்டாப் போர்வைக்கடியில் சார்ஜில் இருந்ததையும் கண்டேன். உங்களைக் கண்டிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏன் அப்படி வைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நால்வர் தங்கும் அறையில் சுவரில் இருப்பது இரண்டே பிளக் பாயின்ட். வீட்டிலிருந்து அழைப்பு வருவது இரவு பத்து மணிக்கு மேல்தான். விடியற்காலை ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அலாரம் காதருகே இருந்தாக வேண்டும். போன் காணாமல் போய்விடுமோ என்ற பயமும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் வழி சொல்லாமல் வெறும் தடையை மட்டும் அறிவித்தால் ஒரு வாரத்தில் ஒயர் மறுபடியும் தலையணைக்கடியில் போய்விடும்.

முதலில் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துவிடுகிறேன். இரவு முழுவதும் பிளக்கில் இருந்தால் பேட்டரி அளவுக்கு மீறி நிரம்பி வெடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள போன் பேட்டரி நிரம்பியதும் மின்சாரத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதற்கான மின்சுற்று போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் தன்னுள் பிறக்கும் வெப்பத்தை வெளியே தள்ள அந்தச் சுற்றால் முடியாது. அதைச் செய்ய வேண்டியது சுற்றியுள்ள காற்று. காய்ச்சல்காரருக்குக் கம்பளி போர்த்தினால் உடம்பின் சூடு உள்ளேயே நின்றுவிடுவதுபோல, தலையணையும் மெத்தையும் போனின் சூட்டை வெளியேற விடாமல் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

நம் கையில் இருக்கும் போன், லேப்டாப் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சந்தைக்கு வந்த இந்த வகை பேட்டரியை உருவாக்கிய அறிஞர்கள் மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிறிய உடம்பில் மிகுந்த ஆற்றலைச் சுமப்பது இதன் சிறப்பு. ஆபத்து பிறப்பதும் அந்த இடத்தில்தான். உள்ளே இரண்டு மின்முனைகளுக்கு நடுவே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் அது உருகத் தொடங்கும். உருகினால் இரு முனைகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும், அதிலிருந்து இன்னும் அதிக வெப்பம் பிறக்கும், அந்த வெப்பம் அடுத்த வேதிவினையைத் தூண்டும். இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டால் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் எரியக்கூடியது. அதன் ஆவி பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்.

தலையணைக்கடியில் வைத்த மாத்திரத்தில் போன் 130 டிகிரியைத் தொட்டுவிடாது. பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடப்பதில்லை. அதனால்தான் அந்தப் பழக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்றோ கைதவறிக் கீழே விழுந்து உள்ளே நசுங்கிய பேட்டரி, மலிவுக்கு வாங்கிய போலி சார்ஜர், உள்கம்பி அறுந்த கேபிள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று அந்தத் தலையணைக்கடியில் சேர்ந்துவிட்ட இரவுதான் ஆபத்தான இரவு. எந்தப் பேட்டரி உள்ளே நசுங்கியிருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தீப்பற்றினால் முதலில் எரியப் போவதும் உங்கள் முகத்துக்கு அடியில் இருக்கும் பஞ்சும் ஃபோமும்தான். ஃபோம் மெத்தை மிக வேகமாக எரியும்; அதன் புகை, நெருப்பு உடம்பைத் தொடுவதற்கு முன்பே, தூங்குகிறவரை நினைவிழக்கச் செய்துவிடும்.

என் கையில் இருக்கும் இந்த சார்ஜரைப் பாருங்கள். கையிலிருந்து கைக்குக் கொடுத்து எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். யாருடையது என்பது வேண்டாம். பிளக்கின் இரண்டு பின்களில் ஒன்றின் அடிப்பகுதி பழுப்பேறி, பக்கத்துப் பிளாஸ்டிக் மெழுகு வழிந்ததுபோல் லேசாக இறங்கியிருக்கிறது. மெத்தைமேல் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதைச் செருகியிருந்தார்கள். அந்தப் பின் தளர்வாக உட்கார்ந்திருந்ததால் தொடும் இடம் சிறுத்து அங்கே சூடேறியது. மெத்தை குழிந்திருந்ததால் அந்தச் சூடு போக வழியில்லாமல் தேங்கியது. கருகல் வாசம் வந்ததும் அறைத்தோழி எழுந்து சுவிட்சை அணைத்தாள். பேட்டரியில் எந்தக் கோளாறும் இல்லை, போனும் நன்றாகவே இருக்கிறது. தளர்ந்த பிளக்கும் மெத்தையும் மட்டுமே இவ்வளவு செய்துவிட்டன.

லேப்டாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பேட்டரி போன் பேட்டரியைவிடப் பல மடங்கு பெரியது. பெரும்பாலான லேப்டாப்களில் காற்றை இழுக்கும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன. மெத்தைமேல் வைத்தவுடன் அவை அடைபட்டுவிடும். 65 வாட் அடாப்டர் முழு வேகத்தில் ஓடும்போது ஆறேழு வாட் வெறும் வெப்பமாகவே அதிலிருந்து வெளியேறும். அந்தக் கட்டி அடாப்டரைப் போர்வைக்குள் தள்ளினால் தொட முடியாத அளவுக்குச் சூடாகும். லேப்டாப்பை மூடிவிட்டால் தூங்கிவிட்டது என்று நம்ப வேண்டாம். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் மூடிய நிலையிலும் சில கணினிகள் விழித்துக்கொண்டு சூடேறும். இரவில் ஷட் டவுன் செய்து, பிளக்கைக் கழற்றி, மேசைமேல் வையுங்கள். அதைப் பைக்குள் போட்டுச் சார்ஜ் ஏற்றுவது மெத்தைமேல் வைப்பதைவிடவும் மோசம்.

அப்படியானால் எங்கே வைப்பது? நம் அறைகள் ஒவ்வொன்றிலும் சுவரில் கடப்பைக் கல் தட்டு இருக்கிறது. கல் எரியாது, சூட்டையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதன்மேல் விரித்திருக்கும் செய்தித்தாளையும் பிளாஸ்டிக் விரிப்பையும் இன்றே எடுத்துவிட்டு, புத்தகங்களை ஒரு பக்கம் ஒதுக்கி, போன்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள். தடித்த உறை போட்ட போனாக இருந்தால் உறையைக் கழற்றிவிடுவது நல்லது. பங்குனி, சித்திரையில் நம் பாலக்காட்டுக் கணவாய் ஊர்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்; இரவானாலும் மேல்தள அறைச்சுவர் வெந்துகொண்டிருக்கும். பல போன்களை 35 டிகிரிக்கு உட்பட்ட சூழலில் பயன்படுத்தும்படிதான் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த மாதங்களில் சார்ஜ் ஏறும் போனில் படம் பார்ப்பதையும் விளையாடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

இரவு முழுவதும் சார்ஜ் ஏற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை என்பதையும் கவனியுங்கள். இப்போதைய வேக சார்ஜரில் முக்கால் பங்கு ஏற ஒரு மணி நேரம் போதும். லேப்டாப்புக்கு இரண்டு மணி நேரம். எட்டு முதல் பத்து மணி வரை படிப்பு நேரத்தில், நீங்கள் விழித்திருக்கும்போதே, கண்ணெதிரில் ஏற்றிக்கொள்ளலாம். எப்போதும் 100 சதவீதத்திலேயே, அதுவும் சூட்டில், கிடக்கும் பேட்டரி விரைவில் தளர்ந்துவிடும் என்பதால், செட்டிங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். மின்வெட்டால் மாலையில் ஏற்ற முடியாமல் போகிற நாட்களில் மட்டும் இரவில் கல் தட்டில் வைத்து ஏற்றுங்கள். ஐப்பசி இடிமழை இரவுகளில் அதுவும் வேண்டாம்; பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அலாரத்துக்குச் சத்தத்தை முழுதாக வைத்தால் தட்டிலிருந்தே எழுப்பிவிடும். எழுந்து நடந்துபோய் நிறுத்த வேண்டியிருப்பதால் மறுபடி தூங்கிப்போகவும் மாட்டீர்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தால் பிளக்கிலிருந்து போனை எடுத்த பிறகு பேசுங்கள். மோசமான சார்ஜரில் 230 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியே போனுக்கே வந்துவிட வாய்ப்பு உண்டு. சார்ஜில் இருக்கும் போனில் ஒயர் உள்ள இயர்போனை மாட்டிக்கொண்டு படுப்பது அதனாலேயே ஆபத்தானது. களவு பற்றிய பயத்துக்கு அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வதே வழி. அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சார்ஜ் ஏற்றாதீர்கள், அங்கும் காற்று இல்லை.

பிளக் பாயின்ட் குறைவாக இருப்பது விடுதியின் குறை, உங்கள் குறை அல்ல. வரும் சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொரு அறையிலும் கல் தட்டுக்கு மேலே நான்கு பாயின்ட் வைக்கிறார். அதற்குப் பிறகு கட்டிலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்கக் கூடாது. ஒரு 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது ஏறத்தாழ 1,380 வாட். 1,500 வாட் கெட்டிலையோ வாட்டர் ஹீட்டர் ராடையோ சார்ஜர்களோடு ஒரே பாக்ஸில் செருகினால் ஒயர் வெந்துபோகும். சார்ஜர் வாங்கும்போது அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பேருந்து நிலையத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைப்பதில் அவை இருந்தாலும் போலியாக இருக்கக்கூடும். போனை விற்ற நிறுவனத்தின் கடையில் வாங்குவதே மேல்.

பின்மூடி உப்பிய போன், மேசைமேல் வைத்தால் ஆடும் லேப்டாப், கையில் வைக்க முடியாத சூடு, இனிப்பு கலந்த ரசாயன வாசம், ‘உஸ்’ என்ற சத்தம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் சார்ஜ் ஏற்றாதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம். அலுவலக அறைக்குக் கொண்டுவாருங்கள், இரவு எத்தனை மணியானாலும் என் கதவைத் தட்டலாம். புகை வந்துவிட்டால் பொருளைக் காப்பாற்ற முயலாதீர்கள். கைக்கெட்டினால் சுவிட்சை மட்டும் அணைத்து, அறைத்தோழிகளை எழுப்பி, வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கூப்பிடுங்கள். மின் இணைப்பை நிறுத்திய பிறகு எரியும் போனைக் குளிர்விக்கத் தண்ணீர் ஊற்றலாம்; ஆனால் அதைப் பெரியவர்கள் செய்யட்டும், அந்தப் புகையில் நச்சு வாயுக்கள் உண்டு. தீயணைப்பு நிலையத்துக்கு 101, பொது அவசர உதவிக்கு 112. இரண்டு எண்களும் ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒட்டப்பட்டிருக்கின்றன.

இப்போது அறைக்கு ஒருவர் போய், அறையிலுள்ள எல்லா சார்ஜர்களையும் கேபிள்களையும் இந்த மேசைக்குக் கொண்டுவாருங்கள். பழுப்பேறிய பின், விரிசல் விட்ட கேபிள், தளர்ந்த முனை ஆகியவற்றைச் சேர்ந்து பார்த்துப் பிரித்து வைப்போம். ஒதுக்கப்படும் சார்ஜருக்கு மாற்று வாங்கும் வரை அலுவலகத்திலுள்ள மூன்று சார்ஜர்களைப் பெயர் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கீழ்த்தள அறைகள் முதலில் வரட்டும்.