ஒரே நாளில் ஏன் முடியாது, அக்கா

ரேவதி அக்காவுக்கு,

சனிக்கிழமை கடையில் கூட்டம். போனில் அந்த வெளிர் பொன்னிற பிளான்ட் முடிப் படத்தைக் காட்டி, "காலையில வந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்துக்கறேன், ஒரே நாளில் முடிச்சுக் கொடு மாலா" என்று கேட்டீர்கள். நானும் கையில் கத்திரிக்கோலோடு "முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். உங்கள் முகம் வாடியது தெரிந்தது. ஒன்பது வருஷமாக என்னை நம்பித் தலையைக் கொடுப்பவருக்கு அது ஒரு பதிலே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் ஆசை சரியான ஆசைதான். வகிட்டில் நரை முளைத்து, மூன்றாவது வாரமே வெள்ளைக் கோடு தெரிகிறது, இந்த டைக்கு அடிமையாக இருந்தது போதும் என்றீர்கள். கறுப்பு முடிக்குள் நரை பளிச்சென்று தெரியும், வெளிர் நிற முடிக்குள் கலந்துவிடும். உங்களுக்குப் பாதிக்கு மேல் நரை என்பதால், பிளான்ட் பக்கம் போனால் பிற்காலத்தில் வேலை குறையும். வேண்டாம் என்று தடுக்க நான் எழுதவில்லை.

அன்றைக்கு உங்கள் காதுக்குப் பின்னால் பென்சில் பருமனில் ஒரு கற்றை வெட்டி எடுத்தேனே, அதில் சில இழைகளை அம்மோனியா சொட்டு விட்ட பெராக்சைடில் அரை மணி நேரம் ஊற வைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ "ஹெர்பல் கறுப்பு மருதாணி" பாக்கெட் போட்டதாகச் சொன்னீர்களே, அதுதான் என் பயம். சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும். அதன் மேல் பிளீச் பட்டால் முடி சூடேறிப் புகையும், கருகிப் போகவும் செய்யும். உங்கள் முடியில் சூடும் ஏறவில்லை, நுரையும் வரவில்லை. நல்ல சேதி.

மீதிக் கற்றையில் பிளீச் போட்டேன், 20 வால்யூம் வீரியமுள்ள பெராக்சைடு கலந்து 45 நிமிஷம். கழுவிக் காயவைத்து அதில் பாதி இழைகளைப் பிரித்தெடுத்து இந்தக் காகிதத்தின் பின்பக்கம் இடதுபுறமாக டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வேர்ப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் மஞ்சள் கலந்த ஆரஞ்சு. நடுவில் செங்கல் நிறம். நுனி அசையவே இல்லை, கோகம் புளி போலக் கருஞ்சிவப்பாக நிற்கிறது. ஒரே கற்றை, ஒரே மருந்து, ஒரே நேரம். மூன்று நிறம்.

ஏன் என்று சொல்கிறேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். உங்கள் முடி நடு முதுகு வரை, 55 சென்டிமீட்டர். அப்படியென்றால் நுனி முளைத்து மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் டை அடிக்கும்போது வேரில் தடவிவிட்டு, மிச்சத்தை நுனி வரை இழுத்துச் சீவிவிடுவீர்கள். எல்லோரும் செய்வதுதான். அந்த நுனி இதுவரை நாற்பது தடவைக்கு மேல் கறுப்பு குடித்திருக்கிறது. வேர்ப்பக்கம் இரண்டு மூன்று தடவைதான். கண்ணாடியில் ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும், என் கைக்கு அது மூன்று விதமான முடி.

டை போய் உட்காரும் விதமும் அப்படி. டியூபில் இருக்கும்போது அதன் துகள் மிகச் சிறியது. அம்மோனியா முடியின் மேல் செதிலைத் திறக்க, உள்ளே போகிறது. அங்கே பெராக்சைடு பட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. சின்னதாக நுழைந்தது பெரிதாகிவிட்டதால், வந்த வழியில் வெளியே வர முடியாது. அதனால்தான் எத்தனை தடவை அலசினாலும் கறுப்பு நிற்கிறது. அதன் மேல் பிளான்ட் டியூப் வாங்கித் தடவினாலும் பிரயோஜனம் இல்லை. ஒரு டை இன்னொரு டையை வெளுக்காது. கறுப்புப் புடவையில் மஞ்சள் சாயம் ஏற்றினால் மஞ்சளாகுமா?

அதை உள்ளேயே உடைத்து வெளிர் நிறத்துக்குக் கொண்டுபோக பிளீச்தான் வேண்டும். டையை மட்டுமல்ல, அதன் கீழே இருக்கும் உங்கள் சொந்த நிறத்தையும் சேர்த்து உடைக்க வேண்டும். நாங்கள் 1 முதல் 10 வரை கணக்கு வைப்போம். 1 கறுப்பு, 10 மிக வெளிர் பிளான்ட். 1-லிருந்து கிளம்பினால் கருஞ்சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏறும். எதையும் தாண்டிக் குதிக்காது. வாழைப்பழத் தோலின் உள்பக்கம் ஒரு வெளிர் மஞ்சள் இருக்கிறதே, அங்கே வந்தால்தான் மஞ்சளைத் தணிக்கும் ஊதா டோனர் போட்டு அந்தப் படத்தின் நிறத்தைக் கொண்டுவரலாம். ஆரஞ்சில் நிற்கிற முடிக்கு எந்த டோனர் போட்டாலும் அழகான பழுப்பு வரும், பிளான்ட் வராது.

"அப்ப இன்னொரு தடவை பிளீச் போடு, அதற்கும் மேல இன்னொரு தடவை" என்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். மீதியிருந்த பாதிக் கற்றைக்கு அன்று மாலையே இரண்டாவது தடவை போட்டேன். வலதுபுறம் ஒட்டியிருப்பது அது. நடுப்பகுதி மஞ்சளை நெருங்கியது, நுனி இப்போதுதான் செங்கல் நிறத்துக்கு வந்தது. ஈரமாக இருக்கும்போது ஒரு முடியை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து இழுத்தேன். நடுப்பகுதி நீண்டு திரும்பச் சுருங்கியது. நுனி ஐந்து சென்டிமீட்டரோ சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போய், திரும்பாமல், சத்தமே இல்லாமல் அறுந்தது. பிளீச் நிறத்தை மட்டும் தேடிப் போய்த் தின்பதில்லை. முடிக்கு உரம் கொடுக்கும் புரதக் கட்டுகளையும் கூடவே அறுக்கிறது. நிறம் இன்னும் நாலைந்து படி ஏறவேண்டிய இடத்தில் முடியே தீர்ந்துவிட்டது.

வேரில் வேறு சிக்கல். மண்டையின் சூட்டில் பிளீச் அங்கே வேகமாக ஏறும், நரைக்கு வெளுக்கவே வேண்டியதில்லை. ஒரே நாளில் செய்தால் உச்சியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, கீழே சிவப்பு, நுனியில் பஞ்சு. தோலில் எரிச்சலும் புண்ணும் தனி.

நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலை கற்றுக்கொண்ட காலத்தில், வேறொரு கடையில், ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ஒரே நாளில் மூன்று தடவை பிளீச் போட்டார்கள். கழுவிவிடும் வேலை என்னுடையது. ஷவரைத் திறந்ததும் முடி என் விரலோடு கையில் வந்தது. தலையைத் தூக்காமல் "என்னக்கா, நிறம் வந்திருச்சா?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து, கற்றை எடுத்துச் சோதிக்காமல் யார் தலையிலும் பிளீச் வைப்பதில்லை. வேறு ஒரு கடையில் ஒரே நாளில் செய்து தருவதாகச் சொன்னதாகச் சொன்னீர்கள். அங்கே போவதானால் போங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதலில் ஒரு கற்றையில் செய்து காட்டச் சொல்லுங்கள். அதை ஈரத்தில் இழுத்துப் பாருங்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

குன்னூரில் உங்கள் கல்லூரித் தோழிகள் சந்திப்பு இன்னும் மூன்று வாரத்தில். அதற்கு முன் ஒரு தடவை உட்காரலாம். நுனியில் எட்டு சென்டிமீட்டர் வெட்டிவிடுகிறேன், மிக அதிகமாகக் கறுப்பு குடித்த பகுதி அதோடு போகும். முகத்தைச் சுற்றியும் வகிட்டிலும் மெல்லிய இழைகளாக எடுத்து பிளீச் தடவி ஃபாயிலில் சுற்றலாம். ஆரஞ்சில் நிறுத்தி, டோனரால் செம்பு கலந்த பழுப்பாக்கி விடுகிறேன். வேருக்குக் கறுப்பு வேண்டாம். அம்மோனியா இல்லாத கரும்பழுப்பு ஒன்று இருக்கிறது, இருபது தடவை தலை குளித்தால் தானாக மங்கிவிடும். இழைகளும் இதுவும் சேர்ந்தால் வெள்ளைக் கோடு முன்பு போலக் கண்ணில் குத்தாது. வெயிலில் நிற்கும்போது பார்ப்பவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் விட்டுவைத்த கறுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்போம், ஏற்கெனவே வெளுத்ததை முடிந்தவரை தொடமாட்டேன். நான்கு அல்லது ஐந்து தடவை, ஏறக்குறைய எட்டு ஒன்பது மாதம் ஆகும். வந்து சேரும் இடம் 8, தேன் நிறம். படத்தில் இருப்பது 10. அதுவரை உங்கள் நுனி தாங்குமா என்று இப்போது என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் மாநிறத்துக்குத் தேன் நிறம்தான் எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு மணி நேரமும் ஆறாயிரம் ரூபாயும் ஆகும். ஒரே நாளில் செய்வதைவிட மொத்தச் செலவு கூடத்தான், தெரியும்.

வீட்டில் சில காரியங்கள். இன்றிலிருந்து கறுப்பு டை தொடாதீர்கள், கல்யாணம் காட்சி என்று எது வந்தாலும் சரி. ஒரு தடவை அடித்தால்கூட இரண்டு தடவை பிளீச் செய்த வேலை வீண். வகிடு உறுத்தினால் வந்து விடுங்கள், ஐந்து நிமிஷத்தில் பவுடர் வைத்து மறைத்து அனுப்புகிறேன், காசு வேண்டாம். ஸ்ட்ரெயிட்னரைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் தலைக்குக் குளியுங்கள். போர் தண்ணீரில் இருக்கும் உப்பு முடியில் படிந்தால் பிளீச் சீராக ஏறாது, வெளுத்த முடியும் மங்கிப் பழுப்பேறும். தேங்காய் எண்ணெயை விடவேண்டாம், முதல்நாள் ராத்திரி நன்றாக வைத்துக்கொண்டே வரலாம், முடிக்கு நல்லதுதான். ஊதா ஷாம்பு இப்போதே வாங்கிவிடாதீர்கள். அது மஞ்சளுக்குத்தான், ஆரஞ்சுக்கு ஒன்றும் செய்யாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு உங்களுக்காக நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அன்று காதுக்குப் பின்னால் தோலில் மருந்து வைத்துப் பார்க்க வேண்டும், 48 மணி நேரம் அரிப்பு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை முதல் ஃபாயில் போடலாம். வரும்போது வீட்டில் இருக்கும் டை டப்பா அட்டைகளையும், அந்த மருதாணிப் பாக்கெட்டின் காலி உறை கிடைத்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
மாலா