2026-27 சலுகை நாட்காட்டி: கிளை மேலாளர்களுக்கான வேலைக்குறிப்பு

பெறுநர்: ஆறு கிளைகளின் மேலாளர்கள், கொள்முதல் பிரிவு, கிடங்கு
அனுப்புநர்: விற்பனைத் திட்டப் பிரிவு
பிரிவுகள்: ஆயத்த ஆடை, காலணி, பை, எழுதுபொருள்

இந்த ஆண்டு நாட்காட்டியை மாதவாரியாகப் போடவில்லை. தேதி எவ்வளவு உறுதியானது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறோம். பொங்கல், கிறிஸ்துமஸ் போன்றவை ஏறக்குறைய நிலையான தேதியில் வருபவை. தீபாவளி, ரம்ஜான், ஈஸ்டர் ஆகியவை ஆண்டுதோறும் நகர்பவை. தேர்வு முடிவு நாளோ, அறிவிப்பு வரும்வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாதது. மூன்றுக்கும் ஒரே மாதிரி நாள் குறித்ததுதான் முந்தைய திட்டங்களில் ஸ்டாக் தேங்கியதற்கும் தட்டுப்பாடு வந்ததற்கும் பெரிய காரணம்.

பண்டிகைகள்

ஒவ்வொரு பண்டிகைக்கும் முக்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பகிர்ந்துள்ள அட்டவணையில் B பத்தியில் பண்டிகைத் தேதி இருக்கிறது. மற்ற பத்திகளில் இந்தச் சூத்திரங்கள் இருக்கின்றன:

```
C2: =B2-75
D2: =B2-35
E2: =B2-18
F2: =B2+1
```

C ஆர்டர் உறுதி செய்யும் நாள், D சரக்கு கிடங்குக்கு வந்து சேரும் நாள், E சலுகை தொடங்கும் நாள், F முடியும் நாள். சரக்கு 35 நாள் முன்பே வர வேண்டும் என்பது அதிகமாகத் தோன்றலாம். எண்ணிச் சரிபார்த்து, விலைச்சீட்டு ஒட்டி, ஆறு கிளைக்கும் பிரித்து அனுப்பவே 10 நாள் போய்விடும். மிச்ச நாட்கள், ஒரு கிளையில் ஓடாததை இன்னொரு கிளைக்கு மாற்றவும் குறைகிற சைஸை மறுபடி வரவழைக்கவும் வேண்டும்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதன்படி ஆர்டர் ஆகஸ்ட் 25, சரக்கு அக்டோபர் 4, தொடக்கம் அக்டோபர் 21. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20-இல் வந்தது. அதாவது 19 நாள் தள்ளிப் போயிருக்கிறது. எனவே இந்த அக்டோபர் விற்பனை போன அக்டோபரைவிடக் குறைவாகத் தெரியும். பதறிப்போய்த் தள்ளுபடியைக் கூட்டாதீர்கள். ஒப்பிட வேண்டியது "தீபாவளிக்கு முந்தைய 12-ஆம் நாள்" இந்த ஆண்டு எப்படி, போன ஆண்டு எப்படி என்பதைத்தான். தினசரி அறிக்கையில் அந்தப் பத்தியைச் சேர்த்திருக்கிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. போன ஆண்டு பண்டிகை மாத நடுவில் முடிந்துவிட்டது. இந்த முறை மாதக் கடைசிச் சம்பளம் கைக்கு வந்த பிறகு ஒரு வாரம் இருக்கிறது. அக்டோபர் 31, நவம்பர் 1 இரண்டும் சனி, ஞாயிறு. கூட்டம் அங்கேதான் குவியும். ஆகவே அக்டோபர் 21 முதல் 29 வரை புதுவரவைக் காட்டுவதும் சிறுவர் ஆடைக்கு மட்டும் சலுகை தருவதும் போதும். முழுச் சலுகை அக்டோபர் 30-இல் தொடங்கட்டும். கூடுதல் பில் கவுன்டரும் தற்காலிக ஆட்களும் அன்று முதல்.

பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைகளுக்கு "பண்டிகை நாள்வரை" என்று அச்சடிக்க வேண்டாம். ஒரு நாள் முன்பின் ஆகலாம். முடியும் தேதியை, எதிர்பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் ரம்ஜான் ஆண்டுதோறும் முன்னே நகரும். சில ஆண்டுகளில் பள்ளித் தேர்வுக் காலத்தோடு சேர்ந்துவிடும். அப்போது குடும்பமாகக் கடைக்கு வருவது மாலை பிந்தித்தான், கடை நேரத்தை அதற்கேற்ப நீட்டுங்கள். துக்கம் அனுசரிக்கும் நாட்களுக்கு வாழ்த்தும் கூடாது, சலுகையும் கூடாது. நாட்காட்டியில் அவற்றைச் சாம்பல் நிறத்தில் குறித்திருக்கிறோம்.

பள்ளி விடுமுறை

விடுமுறையின் முதல் வாரமும் கடைசி வாரமும் ஒன்றல்ல. முதல் வாரத்தில் பயணப் பை, செருப்பு, சாதாரண உடை, வண்ணப் பென்சில் போகும். நடுவில் மந்தம், அங்கே விளம்பரச் செலவு வேண்டாம். பள்ளி திறப்புக்கு 21 நாள் முன்பிருந்துதான் பள்ளிப் பை, ஷூ, நோட்டுப் புத்தகம் சூடு பிடிக்கும்.

பள்ளி திறந்த அன்றே சலுகையை நிறுத்துவது வழக்கமான தவறு. எந்த அளவு நோட்டு, என்ன நிற அட்டை, கறுப்பு ஷூவா வெள்ளையா என்ற பட்டியல் பல பள்ளிகளில் திறந்த பிறகுதான் பெற்றோர் கைக்கு வரும். எனவே திறந்த பின் 10 நாள்வரை நீட்டுகிறோம். பள்ளிகள் எல்லாம் ஒரே நாளில் திறப்பதும் இல்லை. ஒவ்வொரு கிளையும் சுற்றுவட்டாரத்தில் குறைந்தது 8 பள்ளிகளின் திறப்புத் தேதியையும் பட்டியலையும் நேரில் கேட்டு வாங்க வேண்டும்.

ஷூவில் நடு சைஸ்கள் முதலில் தீரும். ஓரத்து சைஸ்கள் மட்டும் மிஞ்சிய மாடலைச் சலுகைப் பலகையில் வைத்தால், வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார், பலகை மீதே நம்பிக்கை போகும். ஒரு மாடலில் மூன்று நடு சைஸ் தீர்ந்தால் அன்றே பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தேர்வுக் காலத்தில் ஒலிபெருக்கி, தெருமுனை விளம்பரம் இரண்டும் கிடையாது. எழுதுபொருள் மட்டும் வாசலுக்கு அருகே வரட்டும்.

தேர்வு முடிவு வாரம்

இதற்குத் தேதி போடாமல் "பூஜ்ய நாள்" என்று வைத்திருக்கிறோம். முடிவு வரும் நாள் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட மறுநிமிடம் அட்டவணை உயிர்பெறும். போஸ்டர், குறுஞ்செய்தி, பில்லிங் குறியீடு எல்லாம் தேர்வு முடிந்த 10 நாளுக்குள் ஒப்புதலோடு தயாராக இருக்க வேண்டும். தேதி அச்சடித்த பிளக்ஸ் வேண்டவே வேண்டாம். முடிவு தள்ளிப்போனால் அத்தனையும் வீண்.

முடிவு வெளியாகும் காலையில் ஒரு குறுஞ்செய்தியும் போகக் கூடாது. வீட்டில் எல்லார் கண்ணும் போனில் மதிப்பெண் மீது இருக்கும் நேரம் அது. மாலை 5 மணிக்குப் பிறகு அனுப்புங்கள். வாங்குதல் மூன்று அலையாக வரும்: அன்று மாலை சிறு பரிசுகள், அடுத்த ஒரு வாரத்தில் உடையும் பையும், சேர்க்கை உறுதியான பிறகு விடுதிக்கான பெரிய கொள்முதல். மூன்றாவது அலைதான் பெரியது. அதற்குரிய சரக்கை முதல் வாரத்திலேயே தள்ளுபடியில் தீர்த்துவிடாதீர்கள்.

மதிப்பெண்ணுக்கு ஏற்பத் தள்ளுபடி தருவதை முற்றிலும் நிறுத்துகிறோம். குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளை பில் கவுன்டரில் எல்லார் முன்னும் கூனிக்குறுகி நிற்க நம் கடை காரணமாகக் கூடாது. தேர்வு எழுதிய அனைவருக்கும் ஒரே சலுகை. நுழைவுச் சீட்டைக் காட்டினால் போதும். அதை நகல் எடுக்கவோ படம் பிடிக்கவோ வேண்டாம். போஸ்டரில் "தேர்வு எழுதிய அனைவருக்கும்" என்ற வரிதான் இருக்கும். "வெற்றியாளர்களுக்கு" என்ற சொல் வராது.

தள்ளுபடிக் கணக்கு

விற்பனை விலையில் 30% லாபம் உள்ள பொருளுக்கு 10% தள்ளுபடி கொடுத்தால், 100 விற்ற இடத்தில் 150 விற்றால்தான் பழைய லாபத் தொகையே கிடைக்கும். 20% கொடுத்தால் 300 விற்க வேண்டும். விளம்பரச் செலவு இதில் சேரவில்லை. எனவே 15%-க்கு மேல் கொடுக்க எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை. சலுகைக்கு முன் விலையை ஏற்றிவிட்டுக் குறைத்துக் காட்டுவது எந்தக் கிளையிலும் கூடாது.

52 வாரத்தில் 17 வாரம் மட்டுமே சலுகை. இரண்டு சலுகைகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம் முழு விலை வாரமாக இருக்கட்டும். இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த சலுகைக்காகவே காத்திருப்பார். பண்டிகை மிச்சத்தைத் தீர்ப்பதும் பண்டிகை முடிந்த 10 நாளுக்குப் பிறகுதான்.

பள்ளிப் பட்டியலையும், போன ஆண்டு தீர்ந்துபோன சைஸ்களையும், தேங்கிய மாடல்களையும் ஜூலை 15-க்குள் அனுப்புங்கள். கொள்முதல் பிரிவு ஜூலை 31-இல் ஆர்டர் அளவைத் தெரிவிக்கும். அதன் பிறகு வரும் மாற்றங்கள் மறு ஆர்டரில்தான் சேரும்.