மாணிக்கம் அவர்களின் குடும்பத்தினருக்கு ஆலை நிர்வாகத்தின் இரங்கல் கடிதம்

மதிப்பிற்குரிய கலைச்செல்வி அம்மா அவர்களுக்கும், மாணிக்கத்தின் தாயாருக்கும், பிள்ளைகள் வான்மதிக்கும் எழிலனுக்கும்,

வணக்கம்.

மாணிக்கம் காலமான செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலைக்கு வந்தது. உள்ளே போக வேண்டியவர்களும் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவர்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். முந்தின நாள் மாலை வரை அவரோடு வேலை பார்த்தவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். யாராலும் நம்ப முடியவில்லை.

அன்றே நாங்கள் சிலர் உங்கள் வீட்டுக்கு வந்தோம். ஆனால் உங்களிடம் இரண்டு வார்த்தை பேசக்கூட முடியவில்லை. அந்த நேரத்தில் நிர்வாகம், நிறுவனம் என்று பேச்செடுப்பது எனக்குச் சரியாகவும் படவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ஆலை நிர்வாகத்தின் சார்பிலும், பராமரிப்புப் பிரிவில் அவரோடு நின்று வேலை பார்த்த ஒவ்வொருவரின் சார்பிலும் உங்கள் குடும்பத்துக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் துயரம் எங்களுக்குப் புரிகிறது என்று எழுத மாட்டேன். அது உங்களுடையது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆலைக்குள் இருந்த மாணிக்கத்தை மட்டும்தான். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவர் எங்களிடம் 19 ஆண்டுகள் வேலை பார்த்தார். உதவியாளராகச் சேர்ந்து, ஃபிட்டராகி, கடைசி ஏழு ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவின் ஃபோர்மேனாக இருந்தார். பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான். ஆலையில் அவரை ஃபோர்மேன் என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வயதில் மூத்தவர்கள்கூட ‘மாணிக்கண்ணன்’ என்றுதான் சொல்வார்கள்.

இயந்திரங்களைப் பற்றிய அவருடைய ஞானம் வீட்டில் எந்த அளவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் அதையெல்லாம் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. ஸ்பின்னிங் பிரிவில் வரிசையாக ரிங் ஃப்ரேம்கள் ஓடும்போது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த இரைச்சலுக்குள் நடந்து போய்க்கொண்டிருப்பவர் ஓரிடத்தில் நிற்பார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். “இது இன்னும் ஒரு வாரம் தாங்காது, இன்றைக்கே மாத்திடுங்க” என்பார். கழற்றிப் பார்த்தால் பேரிங் தேய்ந்திருக்கும். இது எப்போதோ ஒருமுறை நடந்தது இல்லை. அவர் சொன்னால் ஸ்டோரில் கேள்வி கேட்காமல் புது பேரிங்கை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு.

கார்டிங் இயந்திரத்தில் ஒரு பெரிய உருளை இருக்கிறது. அதன் மேல் முழுக்கக் கூர்மையான கம்பிப் பற்கள். மின்சாரத்தை நிறுத்திய உடனே அது நின்றுவிடாது. எடை அதிகம் என்பதால் வேகம் அடங்கி நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். நின்றுவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்து கையை விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. உருளை முழுசாக நிற்கும் வரை மூடியைத் தொடவே கூடாது என்பது எழுதி ஒட்டிய விதி. உற்பத்தி அவசரத்தில் மீறத் தோன்றும் விதியும் அதுதான். மாணிக்கம் இருக்கும்போது அதை யாராலும் மீற முடிந்ததில்லை. இயந்திரத்துக்குள் ஆள் இறங்கினால் மெயின் ஸ்விட்சில் தன்னுடைய சொந்தப் பூட்டைப் போட்டுவிடுவார். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். வேலை முடிந்து, உள்ளே போனவர் வெளியே வந்து, அவரைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பூட்டு திறக்கும்.

ஒருமுறை சரக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளில், பாதுகாப்பு மூடி உடைந்த ஓர் இயந்திரத்தை அப்படியே ஓட்டச் சொல்லி மேலிருந்து நெருக்கினார்கள். இவர் சத்தம் போடவில்லை, வாதாடவும் இல்லை. ஸ்விட்சைப் பூட்டிவிட்டு, வெல்டிங் பிரிவில் போய் உட்கார்ந்து மூடியைச் சரி செய்துகொண்டு வந்தார். சரக்கு அரை நாள் தாமதமாகப் போனது. அதன் பிறகு அந்த விஷயத்தில் அவரை யாரும் நெருக்கியதில்லை.

அவர் ஃபோர்மேனாக இருந்த ஏழு ஆண்டுகளில் கார்டிங் பிரிவில் ஒருவருக்கும் கை சிக்கியதில்லை. அந்தப் பிரிவில் இருக்கும் ஒவ்வொருவரும் தினமும் முழுசாக வீட்டுக்குப் போனார்கள். வான்மதி, எழிலன், உங்கள் அப்பா செய்த வேலைகளில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் கோபக்காரர் என்பதை மறைக்கத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியாததா என்ன! பயிற்சிக்கு வரும் பையன்கள் முதல் மாதம் அவரைக் கண்டாலே ஒதுங்குவார்கள். பழைய கியர் பாக்ஸ் ஒன்றை மேசையில் வைத்து, “பிரிச்சு மாட்டு, ஒரு நட்டு மிச்சம் இருந்தாலும் திரும்ப ஆரம்பி” என்பார். திட்டு வாங்காமல் தேறியவர் யாரும் இல்லை. அப்படித் திட்டு வாங்கியவர்களில் நான்கு பேர் இன்று எங்கள் ஆலையிலேயே பொறுப்பான இடத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் கடைசி வரை நின்றவர்கள் அவர்கள்தான்.

வீட்டைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் வான்மதிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று வாசல் காவலாளியில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு என் அறை வரை வந்தார். அவர் காரணமில்லாமல் என் அறைக்கு வந்தது அன்றைக்கு மட்டும்தான். அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டிய நாளில் சரியாக ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு யாரும் அவரை நிறுத்த முடியாது. எழிலனின் சைக்கிளுக்கு ஒரு உதிரிப் பாகத்தை மதிய இடைவேளையில் அவரே கடைந்துகொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எழுதித்தான் ஆக வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. இந்த நேரத்தில் பணத்தைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. ஆனால் பேசாமல் விட்டால் உங்களுக்குக் கவலை கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருக்குச் சேர வேண்டிய சம்பளப் பாக்கி, எடுக்காத விடுப்புக்கான தொகை, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, குழுக் காப்பீடு எல்லாம் குடும்பத்துக்கு உரியவை. அவை நாங்கள் செய்யும் உதவி இல்லை, அவர் உழைத்துச் சேர்த்தது. அவர் கொடுத்த வாரிசு நியமனப் படிவத்தில் உங்கள் பெயர் முறையாக இருக்கிறது என்பதைப் பார்த்து உறுதி செய்துவிட்டோம். இறப்புச் சான்றிதழ் வந்த பிறகு படிவங்களை நிரப்ப வேண்டியிருக்கும். அதற்காக நீங்கள் அலுவலகம் ஏறி இறங்க வேண்டாம். மனிதவளப் பிரிவிலிருந்து சுமதி, உங்களுக்குத் தோதான ஒரு நாளில் வீட்டுக்கே வந்து, ஒவ்வொன்றாக விளக்கி, உங்கள் முன்னாலேயே நிரப்பித் தருவார். புரியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். சம்பளப் பாக்கியை மட்டும் இந்த மாத இறுதிக்குள் உங்கள் கணக்கில் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். மற்றவற்றுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். எது எந்த நிலையில் இருக்கிறது என்று அவ்வப்போது நாங்களே சொல்லி அனுப்புவோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. காப்பீட்டுத் தொகையைச் சீக்கிரம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கட்டினால் போதும், போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். எங்கள் பெயரைச் சொன்னாலும் நம்பாதீர்கள். துக்க வீடுகளைப் பார்த்து இப்படி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவனம் உங்களிடம் ஒரு பைசாவும் கேட்காது.

குடியிருப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். இப்போது இருக்கும் வீட்டிலேயே எழிலனின் பொதுத் தேர்வு முடிந்து, அந்தக் கல்வியாண்டு முடியும் வரை இருக்கலாம். வாடகை எதுவும் இல்லை. இது வாய்ப்பேச்சு இல்லை. நிர்வாகத்தில் முடிவு செய்து, கையெழுத்தான உத்தரவின் நகலை இதோடு இணைத்திருக்கிறேன்.

வான்மதிக்கு ஆலையில் வேலை கிடைக்குமா என்று உறவினர் ஒருவர் அன்று என்னிடம் கேட்டார். கேட்டதில் தவறில்லை. ஆனால் நிறைவேற்ற முடியுமா என்று தெரியாத வாக்கை இப்போது கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அவர் படிப்பை முடிக்க வேண்டும் என்பது மாணிக்கத்தின் ஆசை என்பது மட்டும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நிறுவனம் தரும் கல்வி உதவித்தொகைக்கு இரண்டு பேர் பெயரையும் சேர்த்திருக்கிறோம். படிப்பு முடிந்த பிறகு வான்மதி விரும்பினால் நேரில் வரட்டும், அப்போது பேசுவோம்.

அவருடைய அலமாரியை நாங்கள் திறக்கவில்லை. அதில் அவருடைய சொந்தக் கருவிகள், மூக்குக் கண்ணாடி, குறிப்பேடுகள் இருக்கும். நீங்களோ பிள்ளைகளோ வந்து திறப்பதுதான் முறை. வர முடியாது என்றால் சொல்லுங்கள், உங்கள் உறவினர் ஒருவரை வைத்துத் திறந்து, பட்டியல் எழுதி, பொருள்களை வீட்டில் சேர்ப்போம். ஒரு வேண்டுகோள் மட்டும். எந்த இயந்திரத்தில் எப்போது என்ன கோளாறு வந்தது, எப்படிச் சரியானது என்றெல்லாம் அவர் தன் கையால் எழுதி வைத்த நோட்டுகள் அதில் இருக்கின்றன. அவை உங்களுடையவை. நீங்கள் சம்மதித்தால் நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். பராமரிப்புப் பிரிவில் இருக்கும் பையன்கள் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். வேண்டாம் என்று தோன்றினால் அதோடு விட்டுவிடுவோம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று நினைக்காதீர்கள். சுமதியின் எண்ணும் என்னுடைய எண்ணும் உறையின் பின்பக்கத்தில் இருக்கின்றன. மருத்துவம், பிள்ளைகளின் கட்டணம் என்று எந்த அவசரம் வந்தாலும் நேரம் பார்க்காமல் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் சுமதி ஒருமுறை போன் செய்வார். அப்போது பேசத் தோன்றாவிட்டால் பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் போதும்.

ஆழ்ந்த வருத்தத்துடன்,

ரகுநாதன்
ஆலை மேலாளர்
நிர்வாகத்தின் சார்பிலும் பராமரிப்புப் பிரிவினர் அனைவரின் சார்பிலும்

இணைப்பு: குடியிருப்பு நீட்டிப்பு உத்தரவின் நகல்