பொருள்: 20.5 லட்சம் ஆஃபர் – முழு சேலரி பிரேக்கப் வேண்டி

வணக்கம் நிவேதா மேடம்,

வியாழக்கிழமை மாலை கூப்பிட்டு ஆஃபர் விவரம் சொன்னதற்கு நன்றி. முதல் நாளிலிருந்தே நாம் தமிழில்தான் பேசி வருகிறோம், அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். காம்பென்சேஷன் டீமுக்கு அனுப்ப வேண்டும் என்றால் சொல்லுங்கள், கேள்விகளை மட்டும் ஆங்கிலத்தில் தனி மெயிலாக அனுப்பிவிடுகிறேன்.

நான்கு ரவுண்டும் எனக்குப் பிடித்திருந்தது. குறிப்பாக மூன்றாவது ரவுண்டில் பேமென்ட் சர்வீஸைப் பிரித்து எழுதுவது பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அந்த டீமோடு வேலை செய்ய உண்மையிலேயே ஆசைப்படுகிறேன்.

நீங்கள் சொன்ன மொத்த சிடிசி 20.5 லட்சம். நான் முதலிலேயே சொல்லியிருந்தது 26 லட்சம். இடைவெளி பெரியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்த மெயிலில் நான் பதிலுக்கு ஒரு தொகை சொல்லப் போவதில்லை. 20.5 என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைக் குறைவு என்றோ சரி என்றோ சொல்வது உங்களுக்கும் நியாயம் இல்லை, எனக்கும் இல்லை. முதலில் முழு பிரேக்கப்பை, மாதக் கணக்கிலும் வருடக் கணக்கிலும், எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் வேறொரு கம்பெனியில் 14 லட்சம் என்று ஃபோனில் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். 12-ஆல் வகுத்து, வரி போக எப்படியும் ஒரு லட்சம் கைக்கு வரும் என்று நினைத்து, அதை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். முதல் மாதம் அக்கவுண்டில் விழுந்தது 77 ஆயிரத்துச் சொச்சம். அந்த 14-க்குள் 2 லட்சம் வேரியபிள், கம்பெனி கட்டும் பிஎஃப், கிராச்சுவிட்டி, இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாமே அடக்கம். யாரும் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. அந்த ஒரு வருடம் ஊருக்குப் பணம் அனுப்புவதற்கே திணறினேன்.

உங்கள் ஆஃபரை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேசிக் பாதி, அதாவது 10.25 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி பங்கு பிஎஃப் முழு பேசிக்கில் 12 சதவீதம் என்றால் 1,23,000. கிராச்சுவிட்டி 4.81 சதவீதம் என்றால் சுமார் 49,300. வேரியபிள் 10 சதவீதம் இதற்குள்ளேயே என்றால் 2,05,000. இவை மூன்றும் போக மாதத்துக்கு கிராஸ் 1,39,400 அளவில் நிற்கிறது. இனி இன்னொரு விதமாகப் பார்ப்போம். பிஎஃப் 15,000 ரூபாய் வரம்பில் மாதம் 1,800 மட்டும், வேரியபிளே இல்லை, கிராச்சுவிட்டி மட்டும் உள்ளே என்றால், அதே 20.5 லட்சத்தில் மாத கிராஸ் 1,64,900. கிட்டத்தட்ட 25,500 ரூபாய் வித்தியாசம். பிஎஃப் என் பணம்தான், அது எங்கேயும் போய்விடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேரியபிள் அப்படி இல்லை. கிராச்சுவிட்டியும் பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும்.

என் கடைசி மூன்று மாத பேஸ்லிப் உங்களிடம் இருக்கிறது. இப்போது என் மாத கிராஸ் 1,48,000. முதல் கணக்குதான் உண்மை என்றால், கம்பெனி மாறி நான் குறைந்த சம்பளத்துக்கு வருவதாக ஆகும். இரண்டாவது என்றால் நாம் பேசுவதற்கு நல்ல ஒரு தொடக்கம் இருக்கிறது.

அதனால் முதலில் பேசிக், எச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் மூன்றும் தனித்தனியாக எவ்வளவு என்று வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்பதால் பல இடங்களில் பிரேக்கப்பை மாற்றி வருகிறார்கள். நீங்கள் சொன்ன தொகை மாற்றிய பிறகு வந்ததா, நான் சேர்ந்த பிறகு மறுபடி மாறுமா? பிஎஃப் முழு பேசிக்கிலா, 1,800-ஆ, அதை நான் தேர்ந்தெடுக்கலாமா?

வேரியபிள் இருந்தால் அது எத்தனை சதவீதம், கம்பெனி ரிசல்ட்டைப் பொறுத்ததா என் ரேட்டிங்கைப் பொறுத்ததா, கடந்த இரண்டு வருடம் இந்த பேண்டில் உண்மையில் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள் என்று சொல்ல முடியுமா? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. லெட்டரில் இருக்கும் வேரியபிளை விட, கொடுத்து முடித்த வேரியபிள்தான் எனக்குக் கணக்கு.

ஜாயினிங் போனஸ் 1 லட்சம் என்றீர்கள். அது 20.5-க்கு உள்ளேயா வெளியேயா? எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்? ஷேர் பற்றியும் லேசாகச் சொன்னீர்கள். எத்தனை, எந்த மதிப்பில், எத்தனை வருடத்தில் வெஸ்ட் ஆகும் என்பது வேண்டும். அதை ரொக்கத்தோடு சேர்த்து 20.5 என்று சொல்லியிருந்தால் அதையும் பிரித்துக் காட்டுங்கள்.

இன்ஷூரன்ஸில் அப்பா அம்மாவுக்குக் கவர் உண்டா என்று தெரிய வேண்டும். போன வருடம் திருவண்ணாமலையில் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நடந்தது. இப்போதைய கம்பெனி பாலிசியில் கேஷ்லெஸ்ஸாகவே முடிந்தது. டிஸ்சார்ஜ் அன்று அப்பா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, கட்ட வேண்டியது எவ்வளவு என்று மூன்று முறை கேட்டார். அந்தக் கவர் இல்லையென்றால் நானே தனியாக பாலிசி எடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் பிரீமியம் சின்னத் தொகையாக இருக்காது.

மற்றவை சின்ன விஷயங்கள். ராமமூர்த்தி நகரிலிருந்து பெல்லந்தூருக்கு வாரம் மூன்று நாள் வர வேண்டும். கேப், சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பீர்களா? எனக்கு 60 நாள் நோட்டீஸ், ஏப்ரலில்தான் சேர முடியும். அப்படியென்றால் முதல் இன்க்ரிமென்ட் 2027 ஏப்ரலில்தானா?

திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றீர்கள். பிரேக்கப் செவ்வாய்க்கிழமை கிடைத்தால், புதன்கிழமை இரவுக்குள் நான் எதிர்பார்க்கும் தொகையையும் அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். ஆஃபரை வெள்ளிக்கிழமை வரை நீட்டித்து வைக்க முடியுமா? இழுத்தடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை, வேறு ஆஃபரைக் காட்டி விலை ஏற்றவும் இல்லை. இந்த பேண்டில் இன்னும் மேலே போக எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் உங்களால் சொல்ல முடிந்தால், இரண்டு பக்கமும் நேரம் மிச்சமாகும்.

இதற்கெல்லாம் உங்களிடம் உடனே பதில் இருக்காது என்று தெரியும். இருப்பதை முதலில் அனுப்புங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
சரவணன்

பி.கு.: ஃபோனில் பேச வேண்டுமென்றால் மதியம் 1 முதல் 2 வரை, அல்லது மாலை 7 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பிரேக்கப் மட்டும் மெயிலிலேயே வரட்டும்.