ஏழு வாரம் கூடவே இருந்த அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் தென்காசி போய்ச் சேர்ந்த அன்று போனில் பேசியபோது, சொல்ல நினைத்தது எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. மாமாவுக்கு இருமல் நின்றதா, கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா இப்போதுதான் கண் அயர்ந்தாள், உங்கள் பச்சைச் சேலைத் தூளியில்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். அம்மா இல்லாத எனக்கு அது எப்படி நடக்கும் என்று ஆறாம் மாதத்திலிருந்தே உள்ளுக்குள் பயம். உங்கள் மகனிடம்கூடச் சொன்னதில்லை. வளைகாப்பு முடிந்த மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் வந்து இருக்கேன் ளா, மாட்டை உங்க மாமா பாத்துக்கிடுவாரு" என்று நீங்களாகவே சொன்னீர்கள். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளை மறக்கவே மாட்டேன். தையல் வலி, நிமிர்ந்து உட்கார முடியவில்லை. பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக, பால் பத்தவில்லை போல, பவுடர் பால் வாங்கிக் கொடு என்றார்கள். நீங்கள் ஒரே வார்த்தையில் முடித்தீர்கள்: "ஆபரேசன் ஆன உடம்பு, ஒண்ணு ரெண்டு நாள் பிந்தும். டாக்டரம்மாவே பயப்படலை." அப்புறம் அவர்களைக் காபி குடிக்க வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நான் அழுதபோது அழாதே என்று சொல்லவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்து, பாப்பாவை என் நெஞ்சோடு ஒட்டப் படுக்கவைத்து, "பாலை நினைக்காத ளா, பிள்ளை மொகத்தைப் பாரு" என்றீர்கள். விடியும்போது என் ஜாக்கெட் நனைந்திருந்தது. அதைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மறுநாளிலிருந்து பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, உடன்குடிக் கருப்பட்டி போட்டு நீங்களே கிண்டிய லேகியம். சுக்கும் திப்பிலியும் வறுத்த வாசம் இன்னும் அடுப்படியை விட்டுப் போகவில்லை. டப்பாவில் கால்வாசி மிச்சம் இருக்கிறது. தினமும் நெல்லிக்காய் அளவு சாப்பிடுகிறேன்.

ஒரு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் அத்தை. நீங்கள் சர்க்கரைத் தண்ணீர் கலக்கியபோது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மூன்று பிள்ளை வளர்த்தவர் நீங்கள். சரி என்று கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் கால் பக்கம் உட்கார்ந்தீர்கள். அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் "டாக்டரம்மா என்ன சொன்னாங்க" என்று என்னைக் கேட்டே செய்தீர்கள். சொன்ன விஷயம் சரிதான், சொன்ன விதம் தப்பு. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தினமும் காலையில் மணைப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, பாப்பாவைக் குப்புறப் போட்டு, புறங்கையில் சூடு பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவீர்கள். அவள் அழ மறந்து உங்கள் கணுக்காலில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். நான் வாசலில் நின்று ரசித்துக்கொண்டிருப்பேன். ஊருக்குப் போவதற்கு நான்கு நாள் முன்னால், தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோதுதான், இருட்டில் நீங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. அந்தக் காலை நீட்டித்தான் இத்தனை நாளும் குளிப்பாட்டியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே அத்தை. நானும் கவனிக்கவில்லையே.

தாம்பரத்தில் உங்களைப் பொதிகையில் ஏற்றிவிட்டு வந்த உங்கள் மகன், மறுநாளே ஒரு மூட்டு டாக்டரை விசாரித்துவிட்டார். அடுத்த மாதம் மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்த முறை அடுப்படிப் பக்கம் உங்களை விடமாட்டேன். வெந்நீர் வைத்து நான் ஒத்தடம் கொடுக்கிறேன்.

இப்போது பாப்பாவை நானேதான் குளிப்பாட்டுகிறேன். முதல் நாள் கை நடுங்கியது. இன்று பயமில்லாமல் தலைக்கு ஊற்றினேன், சாம்பிராணியும் காட்டினேன். உங்கள் கை எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டேதான் செய்கிறேன்.

தாலாட்டுத்தான் பாதியில் நின்றுவிடுகிறது. மாமன் சீர் கொண்டுவருகிற இடத்துக்கு அப்புறம் எனக்கு மறந்துபோகிறது. நான் நிறுத்தினால் அவள் முழித்துக்கொள்கிறாள். மாமாவிடம் சொல்லி முழுசாகப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ராத்திரி எந்நேரம் ஆனாலும் பரவாயில்லை, நாங்கள் இரண்டு பேரும் முழித்துத்தான் இருப்போம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்