பெரிய எழுத்து

தோட்ட ஆபீஸ் மண்டபத்தில் மீ கோரிங், கறிபாப், ரோஸ் சிராப். சுங்கை சிப்புட் பக்கம் பிரிவு விருந்து என்றால் இதற்குமேல் யாரும் மெனக்கெடுவதில்லை. கலாவதிக்குக் கிள்ளானுக்கு மாற்றல். பெரிய கிராணி பேச ஆரம்பித்து வெகுநேரமாகிவிட்டது. இன்னும் 1998-ல்தான் இருந்தார்.

சற்குணம் மட்டும் உட்காரவில்லை. ஜன்னல் வரை போவார், பிடியைத் தொடுவார், திரும்பிவிடுவார். ஓடப் பார்க்கிறாரோ என்று கலா நினைத்தாள். மூன்றாவது தடவை ஜன்னல் சாத்தப்பட்டது. அப்போதுதான், இவ்வளவு நேரம் மேற்கு வெயிலுக்குத் தான் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தது அவளுக்கு உறைத்தது.

மீ தட்டை அவள் முன்னால் வைத்தார்கள். பின்னாலிருந்து ஒரு கை வந்து, தயங்கி, அதை நகர்த்திவிட்டு வேறு தட்டை வைத்தது. இதில் இறால் இல்லை. இறால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதை எப்போது சொன்னாள்? சொன்ன ஞாபகமே இல்லை.

"தேங்க்ஸ்" என்றாள்.

"ஒன்னுமில்ல லா" என்று தரையிடம் சொன்னார்.

வாழ்த்து அட்டை சுற்றி வந்தது. சற்குணம் இரண்டு முறை கையெழுத்துப் போடாமலே அடுத்தவருக்குத் தள்ளினார். சட்டைப் பையில் பேனாவைத் தொடுவதும் விடுவதுமாக இருந்தார். கூட்டம் ஐஸ்கிரீம் பக்கம் போனதும் ஒரு மூலையில் நின்று எழுதி, அட்டையை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

'நல்லா இருங்க. சற்குணம்.' எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

எடைமேடையில் பிரிண்டர் கெட்டதிலிருந்து அவர்தான் சீட்டு எழுதி அனுப்புகிறார். செம்பனைக் குலையோடு லாரி எடை, காலி லாரி எடை, மிச்சம். கட்டம் கொள்ளாத அளவுக்குப் பெரிய பெரிய எண்கள். 'என்ன மனுஷன், பேப்பரை இப்படி வீணாக்குறார்' என்று எத்தனை தடவை முணுமுணுத்திருப்பாள்! போன தீபாவளிக்கு முன்னால் கண்ணாடி உடைந்து, சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். லாரிச் சாவியோடு வாசலில் யாரோ நின்றார்கள். அதற்கப்புறம்தான் எண்கள் பெருத்தன. புதுக் கண்ணாடி வந்த பிறகும் சிறுக்கவில்லை.

பெரிய கிராணிக்குக் கைதட்டினார்கள். கலாவும் தட்டினாள். எதற்கென்று தெரியாது.

சற்குணம் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார். அட்டையோடு போய் நின்றாள்.

"உங்க போன் நம்பர் எழுதித் தாங்க."

ஆபீஸ் வாட்சாப் குழுவில் எல்லார் நம்பரும் இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பேனாவை எடுத்தார். மூடி கழன்று உருண்டு ஓடியது. அதை அவர் எடுக்கப் போகவில்லை.

"இதுலயா?"

"இதுலதான். பெருசா எழுதுங்க. எனக்குக் கண்ணு தெரியாதுல்ல."

முதல் மூன்று எண்களிலேயே பாதி அட்டை தீர்ந்துவிட்டது.