ஞாயிறுதோறும் ஒரு சவால், வருகிறாயா?

அன்புத் தம்பி,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமான மெசேஜ். வேலைக்கு நடுவில் படிக்காதே, ராத்திரி சாவகாசமாகப் படி.

விஷயம் இதுதான். நம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முதல் அரை மணி நேரத்தை உடற்பயிற்சிக்கு ஒதுக்கலாமா? வாரத்துக்கு ஒரு சவால். ஒரு வாரம் நான் வைத்தால் அடுத்த வாரம் நீ வைக்க வேண்டும். சொன்னதை வாரம் முழுக்க அவரவர் வீட்டில் பழகிவிட்டு, அடுத்த ஞாயிறு ஒருவர் முன்னால் ஒருவர் செய்து காட்டுவோம். அதை முடித்த கையோடு வழக்கம்போல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோது நீ ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டேதான் பேசினாய். அவ்வப்போது தோளை மேலே தூக்கி இறக்கினாய். கேட்டதற்கு, "அது எப்பவும் இருக்கறதுதான் அக்கா" என்று சாதாரணமாகச் சொன்னாய். கால் முடிந்த பிறகும் அந்த 'எப்பவும்' என்னை விடவில்லை. இந்த வயதில் ஒரு வலி உனக்குப் பழகிப்போயிருக்கக் கூடாது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறாய், குளிர்காலத்தில் வேலை முடிந்து நிமிர்வதற்குள் இருட்டிவிடுகிறது, வெளியே போகவும் மனம் வருவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கு இங்கே வெயிலும் வெளிச்சமும் இருக்கிறது, ஆனால் நானும் உட்கார்ந்தேதான் வேலை பார்க்கிறேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் நம் இருவருக்குமே அது வர வாய்ப்பு கூடுதல். பரம்பரையை மாற்ற முடியாது, ஆனால் தசையை வேலை வாங்குவது நம் கையில் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை இன்சுலினின் உதவி இல்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். உடலிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்புக்குக் கீழேயும்தான் இருக்கின்றன. நாம் இருவரும் நாள் முழுக்க அவற்றின் மேல் உட்கார்ந்துதான் இருக்கிறோம். முப்பது வயதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் குறையவும் தொடங்குகிறது. அதனால் பெரும்பாலான சவால்கள் காலையும் இடுப்பையும் சுற்றியே இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் போதாது, அது எனக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 'மிதமான' என்றால், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நம் ஞாயிறு கால் இதற்கெல்லாம் மாற்று ஆகாது. வாரத்தின் மற்ற ஆறு நாளில் நம்மை எழுந்திருக்க வைக்கத்தான் அது. தனியாகச் செய்தால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். ஞாயிறு காலை நீ முன்னால் நிற்பாய் என்று தெரிந்தால் புதன்கிழமை சாயங்காலம் நான் எழுந்து செய்வேன். உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை உனக்குக் காலை 8 மணி, எனக்குப் பகல் 12.30. மார்ச் கடைசியில் உன் ஊரில் கடிகாரத்தை மாற்றிய பிறகு எனக்கு 11.30 ஆகிவிடும். உன் 8 மணியையே நிலையாக வைத்துக்கொள்வோம், நான் மாறிக்கொள்கிறேன். ஞாயிறு காலை கொஞ்சம் கூடுதலாகத் தூங்க வேண்டும் என்றால் 9 மணியும் சரி. அதற்கு மேல் தள்ளினால் நான் சாப்பிட்டு முடித்திருப்பேன், வயிறு நிறைய வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

முதல் ஞாயிறு சவால் எதுவும் வேண்டாம். இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் போதும். இதைப் பற்றி நிறையவே யோசித்தேன். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நாற்காலியும் சுவரும் போதும். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள், இல்லையென்றால் நகரும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி கூடவே கூடாது. இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். முட்டி நேராகும்வரை நிமிர்ந்தால்தான் ஒன்று. பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தால் கணக்கில் சேராது. இந்தச் சோதனையில் உட்காரும் பலகையின் உயரம் சுமார் 43 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். தாழ்ந்த நாற்காலியில் எழுவது கஷ்டம், உயரமானதில் சுலபம், அதனால் வாராவாரம் அதே நாற்காலியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்புறம் புஷ்-அப். நீ தரையில் செய், நான் சுவரில் கை ஊன்றி ஆரம்பிக்கிறேன். முதுகு வளையாமல் எத்தனை முடிகிறதோ அத்தனை. பிளாங்க் எவ்வளவு நேரம், ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் என்பதையும் பார்த்துவிட்டால் போதும், அன்றைய வேலை முடிந்தது.

வீடியோவில் ஒரு சிக்கல் உண்டு. இருவரும் ஒரே நேரத்தில் எண்ணிக்கொண்டு செய்தால் சரிப்படாது, என் குரல் உனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதனால் ஒருவர் செய்யும்போது மற்றவர் பார்த்து எண்ணட்டும். நேரத்தைச் செய்பவரின் பக்கத்தில் இருக்கும் டைமரே காட்டட்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உட்கார்ந்து எழும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறதா என்று செய்பவருக்குத் தெரியாது, எதிரில் இருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். பிளாங்க்கில் இடுப்பு தொங்குவது பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் புலப்படும். அதனால் போனைக் குறுக்காகத் திருப்பி, முட்டி உயரத்தில் எதன் மேலாவது சாய்த்து, இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக்கொள். தலையிலிருந்து பாதம்வரை தெரிய வேண்டும். எண்ணும் வேலையை அம்மாவிடம் கொடுக்கலாம் என்றும் நினைக்கிறேன். நம் கால் வரும் நேரத்துக்கு எப்படியும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது? உன் எண்ணிக்கையை என்னுடையதோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, நமக்குள் ஏழு வயது வித்தியாசம். சதவீத முன்னேற்றம் வைக்கலாமா என்று யோசித்தேன், அதுவும் நியாயமில்லை. 10-லிருந்து 13-க்குப் போனால் 30 சதவீதம், 20-லிருந்து 24-க்குப் போனால் 20 சதவீதம்தான். குறைவாக ஆரம்பிப்பவருக்கே எப்போதும் சாதகம். எனவே எளிதாக வைத்துக்கொள்வோம்: ஒவ்வொரு சவாலிலும் முதல் நாள் தனக்கு வந்த எண்ணிக்கையை அடுத்த ஞாயிறு தாண்டினால் ஒரு புள்ளி, இடையில் மூன்று நாளாவது பழகியிருந்தால் ஒரு புள்ளி. பழகியதை அன்றன்றைக்கே நான் போடும் ஷீட்டில் டிக் செய்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது புள்ளிதான் முக்கியம். உடம்பு சில வாரம் முன்னேறாது, ஆனால் பழகுவது நம் முடிவு.

என் முதல் சவாலை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை மடக்கிக் கீழே இறங்கி அப்படியே நிற்பது. வால் சிட் என்பார்கள். தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு. காலேஜில் பந்து விளையாடும்போது நீ திருகிக்கொண்ட வலது முட்டி இருக்கிறதே, அதனால் நீ பாதி இறங்கினால் போதும். அதிலும் வலித்தால் விட்டுவிடு, வேறு ஒன்று வைக்கிறேன். குதிக்கும் பயிற்சி எதையும் நான் வைக்கப் போவதில்லை, உன் முட்டிக்காகவும் உன் கீழ்வீட்டுக்காரர்களுக்காகவும். கழுத்துக்கும் தோளுக்கும் ஏற்ற சவாலை நீயே உன் முறையில் வைத்தால் நன்றாக இருக்கும். அந்த வலி கைக்கு இறங்கினாலோ விரல் மரத்துப்போனாலோ பயிற்சியை நம்பி இருக்காதே, முதலில் டாக்டரைப் பார்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வால் சிட், பிளாங்க் மாதிரி அசையாமல் நிற்கும் பயிற்சியில் மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாகவே ஓடும். அடுத்தது, நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும், "இன்னும் அஞ்சு விநாடிதான்" என்ற பேச்சே கூடாது. மற்றபடி முதல் வாரம் தொடை வலிக்கும், மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் அதிகமாக இருக்கலாம். புதிதாக வேலை செய்த தசைக்கு அது சகஜம், சில நாளில் போய்விடும். மெல்ல நடந்து கொடுத்தால் இறுக்கம் குறையும்.

ஒரு வாரம் உனக்கு வேலை நெருக்கினாலோ நான் ஊரில் இல்லாமல் போனாலோ, அந்தச் சவால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அபராதம் எதுவும் கிடையாது. தொடர்ந்து இரண்டு வாரம் விட்டுப்போனால் மட்டும் நேரத்தை மாற்ற வேண்டுமா என்று பேசுவோம். முதலில் எட்டு வாரம் பார்க்கலாம், நான்கு சவால் உன்னுடையது, நான்கு என்னுடையது. அதற்குப் பிறகு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, முதல் ஞாயிறு எழுதி வைத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

உண்மையைச் சொன்னால், இதில் எனக்கு ஒரு ஆசையும் இருக்கிறது. இப்போதெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம், ஆனால் சேர்ந்து எதையும் செய்வதில்லை. நீ மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை, "விடாதே, இன்னும் ரெண்டுதான்" என்று நான் கத்துவதை, அதற்கு நீ முறைப்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் சரியா இல்லையா என்று சொல். சரி என்றால், 8 மணியா 9 மணியா, வலது முட்டி இப்போது மாடிப்படி இறங்கும்போது வலிக்கிறதா, இந்த இரண்டுக்கும் பதில் போடு. அப்படியே உன் நாற்காலியின் உயரத்தை அளந்து அனுப்பு. அதே உயரத்தில் ஒன்றை நான் இங்கே தேடி வைக்கிறேன்.

அக்கா